16 மாடுகள், ஒரே துணி: ஒரு மடிநோய் நிகழ்வு ஆய்வு

அந்தப் பண்ணைக்கு என்னைக் கூப்பிட்டபோது ஒரு மாட்டுக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. எந்த மடியும் வீங்கவில்லை, எந்தக் காம்பிலும் திரி திரியாகப் பால் வரவில்லை, எல்லா மாடும் நன்றாகத் தின்றன. வந்திருந்தது ஒரு கடிதம் மட்டும்தான். பால் வாங்கும் நிறுவனம் அனுப்பியது. பாலில் செல் எண்ணிக்கை தொடர்ந்து மூன்றாவது மாதமாக வரம்பைத் தாண்டியிருக்கிறது, சரிசெய்யாவிட்டால் பாலை எடுக்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

கறவையில் 16 மாடுகள். வாளியோடு கூடிய இரண்டு கறவை இயந்திரங்கள். காலை, மாலை என இரண்டு வேளைக் கறவை. நாள் ஒன்றுக்கு 192 லிட்டர் பால். கடிதத்தில் இரண்டு எண்கள் இருந்தன: செல் எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு 5.8 லட்சம், கிருமி எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு 20 ஆயிரம். உரிமையாளர் இரண்டாவது எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"கிருமியே இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க டாக்டர். அப்புறம் என்ன நோய்?"

நியாயமான கேள்விதான். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கிருமி எண்ணிக்கை பெரும்பாலும் பால் மடியை விட்டு வெளியே வந்தபிறகு நடந்ததைச் சொல்கிறது. வாளி, குழாய், தொட்டி எல்லாம் ஒழுங்காகக் கழுவப்படுகின்றனவா, பால் சீக்கிரம் குளிர்கிறதா என்பது அதில் தெரியும். இவர் பால் அறையில் தரை பளபளத்தது. கறந்த 2 மணி நேரத்துக்குள் பால் 4 டிகிரிக்கு வந்துவிடும். அந்த எண் குறைவாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

செல் எண்ணிக்கை வேறு விஷயம். அவை மாட்டின் சொந்த செல்கள். கிருமி மடிக்குள் நுழைந்ததும் அதைத் தின்ன ரத்தத்திலிருந்து பாய்ந்து வரும் வெள்ளை அணுக்கள்தான் அவற்றில் பெரும்பங்கு. நலமான காம்பின் பாலில் இவை மில்லி லிட்டருக்கு 1 லட்சத்துக்குக் கீழேதான் இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் உள்ளே தொற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் பண்ணைப் பாலுக்கு வைத்திருக்கும் வரம்பு 4 லட்சம். இந்த நிறுவனமும் அதையே பின்பற்றியது. சில வகைக் கிருமிகள் மடிக்குள் இருந்துகொண்டு பாலில் கொஞ்சமாகத்தான் இறங்கும். பதினாறு மாட்டுப் பால் கலந்த தொட்டியில் அவை எண்ணிக்கையில் தெரியவே தெரியாது. ஆனால் அவற்றைத் துரத்தி வந்த படை தெரியும். ஆகவே கிருமி எண் குறைவு, செல் எண் அதிகம் என்ற ஜோடியைப் பார்த்ததும் நான் பால் அறையை விட்டுவிட்டுக் கறவை இடத்துக்குப் போய்விட்டேன்.

எந்த மாடு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை 1957-ல் வந்தது. இன்றைக்கும் மாட்டின் பக்கத்தில் நின்று செய்ய அதைவிட எளிய வழி இல்லை. நான்கு குழிகள் உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒரு குழியில் சுமார் 2 மில்லி பால், அதே அளவு கரைசல், பத்து வினாடி வட்டமாகச் சுழற்ற வேண்டும். கரைசலில் இருப்பது ஒருவகை சோப்புப்பொருளும் ஒரு நிறமியும்தான். சோப்பு, செல்களின் சவ்வைக் கரைத்து உள்ளே இருக்கும் மரபுப்பொருளை வெளியே விடுகிறது. செல்கள் நிறைய இருந்தால் அது நூல் நூலாகக் கோத்துக்கொண்டு பால் கூழாகிவிடும். நல்ல பால் தட்டில் தண்ணீராக ஓடும். மோசமான காம்பின் பால் குழியின் நடுவில் முட்டை வெள்ளைக்கருபோல் மேடாக எழும்பி, தட்டைச் சாய்த்தால் கட்டியாக விழும்.

64 காம்புகளில் 7 காம்புகளின் பால் தெளிவாகக் கூழானது. அவை ஐந்து மாடுகளுக்குச் சொந்தம். பிறகு அந்த ஐந்து மாடுகளின் பாலையும் தனித்தனியாக ஆய்வகத்தில் எண்ணிப் பார்த்தோம். 7-ம் எண் மாடு 38 லட்சம், 11-ம் எண் 24 லட்சம், 4-ம் எண் 15 லட்சம், 2-ம் எண் 9 லட்சம், 14-ம் எண் 6 லட்சம். மீதி 11 மாடுகள் சராசரி 1.2 லட்சத்தில் இருந்தன. ஒவ்வொரு மாடும் தரும் பாலோடு பெருக்கிப் பார்த்தபோது, தொட்டியில் இருந்த மொத்த செல்களில் மூன்றில் ஒரு பங்கு 10 லிட்டர் மட்டும் தரும் 7-ம் எண் மாட்டிடமிருந்தே வந்திருந்தது. முதல் மூன்று மாடுகளைச் சேர்த்தால் 70 சதவீதம்.

இந்தக் கணக்கைக் காட்டியதும் உரிமையாளருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அப்போ ஏழாம் நம்பரை வித்துட்டா முடிஞ்சுதா?" விற்றால் தொட்டி எண் 4 லட்சத்துக்கு இறங்கும் என்று நானே கணக்குப் போட்டுச் சொன்னேன். ஆனால் ஏழாம் நம்பரிடம் இருந்தது மற்றவற்றுக்கு எப்படிப் போனது என்று தெரியாமல் அதை மட்டும் அனுப்பினால், அடுத்த ஏழாம் நம்பர் அந்த வரிசையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிருமி எது என்று பார்க்க அன்றைக்கே மாதிரி எடுத்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, அவசரம் வேறு. ஆய்வக முடிவு வந்தபோது பாதிக் குழாய்களில் மூன்று நான்கு வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தன. ஒரே காம்பில் மூன்று வகை என்றால் அது மடியிலிருந்து வந்ததல்ல, காம்பின் தோலிலிருந்தோ என் கையிலிருந்தோ வந்த அழுக்கு. மறுபடி போனேன். இந்த முறை முதல் சில பீச்சலைக் கீழே விட்டு, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் துடைத்து, பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை புதுப் பஞ்சு எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போது எட்ட இருக்கும் காம்பு முதலில், பால் எடுக்கும்போது கிட்ட இருக்கும் காம்பு முதலில். இல்லாவிட்டால் துடைத்த காம்பின் மேலேயே கை உரசும். குழாயை நிமிர்த்திப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்தேன், மேலிருந்து தூசி விழாமல் இருக்க.

இந்த முறை முடிவு தெளிவாக வந்தது. 7-ம் எண் மாட்டின் இரண்டு காம்புகளிலும், 11, 4, 2 ஆகியவற்றின் தலா ஒரு காம்பிலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். 14-ம் எண் மாட்டின் ஒரு காம்பில் அதன் சாதுவான உறவுக்காரக் கிருமி, இன்னொன்றில் எதுவும் வளரவில்லை.

ஆரியஸ் என்றால் தேடும் திசையே மாறிவிடும். ஈ.கோலை போன்றவை சாணத்திலும் ஈரப் படுக்கையிலும் இருந்து வருபவை; அவை பரவ இன்னொரு மாடு தேவையில்லை. ஆரியஸ் அப்படி இல்லை. அதன் முக்கியமான இருப்பிடம் தொற்றுள்ள மடியும், புண்ணும் வெடிப்புமான காம்புத் தோலும்தான். அது ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போவது பெரும்பாலும் கறவை நேரத்தில். தூக்கிக்கொண்டு போக ஏதோ ஒன்று வேண்டும்: கை, துணி, அல்லது இயந்திரத்தில் காம்பு நுழையும் ரப்பர் உறையான லைனர். சரி, இந்தப் பண்ணையில் எது?

மறுநாள் அதிகாலை நாலரை மணிக்குப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். எதையும் திருத்தவில்லை, எழுதிக்கொள்ள மட்டும் செய்தேன். கறப்பவர் ஒரு பெரியவர். முப்பது வருட அனுபவம். ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, குளோரின் கரைசலை அளந்து ஊற்றி, ஒரு துணியை முக்கிப் பிழிந்து மாட்டின் மடியைத் துடைத்தார். முழு மடியையும், பொறுமையாக. துணியை வாளியில் அலசினார். மூன்று பீச்சல் பாலைத் தன் உள்ளங்கையில் பீச்சிப் பார்த்தார். இயந்திரத்தை மாட்டினார். அடுத்த மாடு. அதே துணி, அதே வாளி. அவர் சோம்பேறி இல்லை. உண்மையில் நான் பார்த்தவர்களிலேயே மிகவும் கவனமாகக் கழுவுபவர்களில் ஒருவர்.

நான்காவது மாட்டுக்கு வாளித் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. குளோரின் சுத்தமான தண்ணீரில்தான் வீரன். சாணமும் பாலும் கலந்ததும் அது அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதோடு துணி வாளிக்குள் இருப்பது இரண்டு மூன்று வினாடிதான். அன்று கறவை தொடங்கும்முன் துணியில் ஒரு மாதிரி எடுத்தேன், எல்லா மாடும் முடிந்தபின் இன்னொன்று. முதலாவதில் ஆரியஸ் வளரவில்லை. இரண்டாவதில் வளர்ந்தது.

அதைவிட எனக்குப் பிடித்த ஆதாரம் நான் எழுதிவைத்திருந்த வரிசை. மாடுகள் தினமும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் வந்து நிற்கும், அவற்றுக்குள் யார் பெரியவர் என்பது அவற்றுக்குத் தெரியும். 7-ம் எண் மூன்றாவதாக வந்தது. அதன்பின் 11, 4, 14, 2. அதாவது தொற்றுள்ள ஐந்தும் அடுத்தடுத்து நின்றன. 7-க்கு முன்னால் வந்த இரண்டும் சுத்தம். இரண்டு இயந்திரங்களும் மாறி மாறி மாட்டப்பட்டதால் 7, 4, 2 ஆகிய மூன்றும் ஒரே இயந்திரத்தில் கறக்கப்பட்டவை. அவற்றுக்கு லைனர் வழியாகவும் தொற்று போயிருக்கலாம். ஆனால் 11-ம் எண் மற்ற இயந்திரத்தில் கறக்கப்படும் மாடு. 7-க்கும் 11-க்கும் பொதுவாக இருந்தவை அந்தத் துணியும் பெரியவரின் ஈரக் கையும்தான்.

இனி, துணியில் இருக்கும் கிருமி மடிக்குள் எப்படி ஏறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். காம்பின் நுனியில் இருக்கும் கால்வாய் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். அதைச் சுற்றி ஒரு சுருக்குத் தசை, சுருக்குப் பை வாய்போல. உள்பக்கம் கெரட்டின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் பூசியிருக்கும். கறவைகளுக்கு நடுவில் தசை இறுகி, கெரட்டின் அடைப்பாக நின்று, வாசல் சாத்தியிருக்கும். உள்ளே வர முயலும் கிருமி கெரட்டினில் ஒட்டிக்கொள்ளும், அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் சிலவற்றைக் கொல்லவும் செய்யும். அடுத்த கறவையில் பாலோடு கொஞ்சம் கெரட்டினும் கழன்று ஓடும்போது ஒட்டியிருந்த கிருமியும் போய்விடும். இது மாட்டின் சொந்த ஏற்பாடு, மிக நல்ல ஏற்பாடு.

இதற்கு ஒரு பலவீனமான நேரம் உண்டு. கறந்து முடித்த உடனே தசை தளர்ந்து கிடக்கும், கால்வாய் திறந்திருக்கும். முழுவதும் இறுக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், முதல் அரை மணி நேரம் ரொம்ப மோசம். அந்த நேரத்தில் காம்பின் நுனியில் ஒரு சொட்டுப் பால் தொங்கிக்கொண்டிருக்கும். அது சாதாரணச் சொட்டு இல்லை. கிருமிக்கு அதில் சாப்பாடும் இருக்கிறது, உள்ளே ஏறிப்போகப் பாதையும் இருக்கிறது. துணி கொண்டுவந்த ஆரியஸ் காம்புத் தோலில் காத்திருந்து, அந்தச் சொட்டில் பெருகி, கால்வாய்க்குள் குடியேறும்.

கறக்கும்போதே கிருமியை உள்ளே தள்ளுகிற ஒரு வேலையும் இங்கே நடந்தது. பால் தீர்ந்ததும் பெரியவர் பாலை உறிஞ்சும் வெற்றிடத்தை மூடாமல் இயந்திரத்தை இழுத்துக் கழற்றினார். இழுத்த கணத்தில் ஒரு லைனரின் ஓரம் வழியாகக் காற்று 'புர்ர்' என்று உள்ளே பாயும். அந்தக் காற்று கீழே இருக்கும் பால் துளிகளை அள்ளிக்கொண்டு போய் மற்ற காம்புகளின் நுனியில் அறையும். கறவை நடுவில் லைனர் நழுவிக் 'கீச்' என்று கத்தும்போதும் இதேதான். ஒரு காம்பில் இருந்த ஆரியஸ் அதே மாட்டின் அடுத்த காம்புக்குப் போக இது நல்ல குறுக்கு வழி. 7-ம் எண்ணுக்கு இரண்டு காம்பில் இருந்ததற்கு நான் இதைத்தான் காரணமாகச் சந்தேகிக்கிறேன், நிரூபிக்க வழியில்லை.

லைனரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே விரலை விட்டால் சொரசொரப்பு, வெளிச்சத்தில் நுண்ணிய வெடிப்புகள். எப்போது மாற்றியது என்று கேட்டேன். ஒன்றரை வருடம் இருக்கும் என்றார்கள், கிழியவில்லையே என்றும் சொன்னார்கள். ரப்பர் லைனரின் ஆயுளை மாதத்தில் எண்ணக்கூடாது, மாடுகளில் எண்ண வேண்டும். பொதுவாக 2,500 கறவை. இங்கே ஓர் இயந்திரம் ஒரு நாளைக்கு 16 கறவை செய்கிறது. 2,500-ஐ 16-ஆல் வகுத்தால் 156 நாள், ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். அவர்களுடையது மூன்று ஆயுளைத் தாண்டியிருந்தது. வெடிப்புக்குள் கிருமி உட்கார்ந்துகொள்ளும், கழுவும் மருந்து அங்கே எட்டாது.

மாற்றங்களைப் பெரியவரோடு உட்கார்ந்துதான் பேசினேன். "ஐயா, நீங்க கழுவுறதுல குறையே இல்ல. ஆனா கழுவாம இருந்திருந்தாகூட இவ்வளவு பரவியிருக்காது" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. துணி ஆய்வின் முடிவைக் காட்டியபிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ தண்ணியே வேணாங்கிறீங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான். மடி முழுவதையும் நனைத்தால் மேலே இருக்கும் அழுக்குத் தண்ணீர் வழிந்து காம்பு நுனியில்தான் வந்து நிற்கும். லைனருக்குள் போவது காம்பு மட்டும். எனவே காம்பை மட்டும் சுத்தம் செய்தால் போதும். ஆனால் அது காய்ந்திருக்க வேண்டும்.

புதிய முறையில் கையுறை போட்டுக்கொண்டு தொடங்குகிறார்கள். தோலின் வெடிப்பில் ஆரியஸ் தங்கும், கையுறையில் தங்க இடமில்லை, மாட்டுக்கு மாடு அலசவும் முடியும். சேறு இருந்தால் காய்ந்த துணியால் தட்டிவிடுவது. முதல் மூன்று பீச்சல் இப்போது உள்ளங்கையில் இல்லை, கறுப்புத் தட்டு வைத்த கோப்பையில். வெள்ளைத் திரி கறுப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். பிறகு காம்பைக் கிருமிநாசினியில் நனைத்து 30 வினாடி விடுவது. இந்த 30 வினாடிதான் எல்லோரும் திருடும் இடம். மருந்து பட்டதும் துடைத்துவிட்டால் நிறம் மட்டும்தான் மிச்சம். அவருக்கு நான் சொன்ன வழி: ஒரு மாட்டை நனைத்துவிட்டு அடுத்த மாட்டின் பீச்சலைப் பாருங்கள், திரும்பி வரும்போது நேரம் ஆகியிருக்கும். அப்புறம் அந்த மாட்டுக்கே உரிய துணியால் துடைப்பது. காம்பின் பக்கங்களை எல்லோரும் துடைப்பார்கள். நுனியை யாரும் துடைப்பதில்லை. துணியை விரலில் மடித்து நுனியில் ஒரு திருகு திருக வேண்டும். வெள்ளைத் துணி கொடுத்ததால் அவருக்கே தெரிந்தது, பக்கம் சுத்தமாக இருக்கும்போதும் நுனி கறுப்பாக விட்டது.

ஒரு நாளைக்கு 32 துணிகள் வேண்டும். இரண்டு தொகுதி வாங்கினார்கள். 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் துவைத்து முழுவதும் உலர்த்த வேண்டும். ஈரமாக மடித்து வைத்த துணி பழைய வாளித் துணியின் தம்பி.

முதல் தொடுதலிலிருந்து 60 முதல் 90 வினாடிக்குள் இயந்திரம் மாட்டப்படுகிறது. காம்பைத் தொட்டதும் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் புறப்பட்டு ரத்தத்தில் வந்து மடியைப் பிழிய அவ்வளவு நேரம் ஆகிறது. அதற்குமுன் மாட்டினால் முதலில் கொஞ்சம் பால் வந்து நின்றுபோகும், வெற்றிடம் வெறும் காம்பை இழுக்கும். வெறும் காம்பை இழுத்து இழுத்து நுனி தடித்துச் சொரசொரப்பாகிவிட்டால் அந்த வளையமே கிருமிக்குத் திண்ணை. கழற்றும்போது முதலில் வெற்றிடத்தை மூடி, இரண்டு வினாடி பொறுத்து, இயந்திரம் தானாகக் கையில் விழ விடவேண்டும்.

கழற்றிய கையோடு, ஈரம் காய்வதற்குள், காம்பின் முழு நீளமும் 0.5 சதவீத அயோடின் கரைசலில் முங்க வேண்டும். கிளிசரின் கலந்தது, தோல் வெடிக்காமல் இருக்க. இதற்கு 1960-களில் இங்கிலாந்தில் நீவும் டாட்டும் அவர்கள் சகாக்களும் செய்த வேலைதான் அடிப்படை. கறந்தபின் காம்பை மருந்தில் நனைத்தால் புதுத் தொற்றுகள் பாதியாகக் குறைகின்றன என்று காட்டினார்கள். கவனியுங்கள், புதுத் தொற்றுகள். உள்ளே ஏற்கெனவே குடியிருக்கும் கிருமியை வெளியே பூசும் மருந்து எதுவும் செய்யாது. இது புரியாததால்தான் "ஒரு மாசமா முக்கறோம், எண்ணிக்கை இறங்கலையே" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். நனைக்கும் கோப்பையில் சாணம் மிதந்தால் அதையும் கொட்டிவிட வேண்டும். அயோடினும் குளோரின் மாதிரியே அழுக்கில் சாகும்.

கறக்கும் வரிசையையும் மாற்றினோம். சுத்தமானவை முதலில், 14-ம் எண் அவற்றின் பின்னால், ஆரியஸ் உள்ளவை கடைசியில். மாடுகள் இதை விரும்பவில்லை. 7-ம் எண் மூன்றாவது இடத்தில் போய் நின்றுகொண்டு நகர மறுத்தது, ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள்.

உள்ளே இருந்த தொற்றுகளுக்கு வேறு கணக்கு. ஆரியஸ் மடித்திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகச் சுவர் எழுப்பிக்கொண்டு உட்காரும், செல்களுக்குள்ளேயும் ஒளியும். மருந்து அங்கே போய்ச் சேராது. இளம் மாடு, ஒரே காம்பு, புதுத் தொற்று, செல் எண் மிக அதிகம் இல்லை என்றால் குணமாக வாய்ப்பு உண்டு. 4-ம் எண் முதல் ஈற்று மாடு, அதற்குக் கறவைக் காலத்திலேயே மருந்து கொடுத்தோம், பால் ஒதுக்கும் நாட்களைக் கணக்கு வைத்துக்கொண்டு. 2-ம் எண்ணுக்குச் சினை முதிர்ந்திருந்தது, பால் வற்றவிடும் நாளில் நீண்டகால மருந்தைக் காம்பில் ஏற்றினோம். ஏற்றும் குழலை முழுவதும் நுழைக்காமல் நுனி மட்டும் நுழைத்தோம். நீளமாக நுழைத்தால் கால்வாயில் இருக்கும் கெரட்டினையும் கிருமியையும் நாமே உள்ளே தள்ளிவிடுவோம். 11-ம் எண்ணின் அந்த ஒரு காம்பை நிரந்தரமாக வற்றவிட்டோம். 7-ம் எண்ணின் மடியை அழுத்தினால் பின்பகுதியில் எலுமிச்சை அளவுக்குக் கட்டிகள் தட்டின. ஐந்தாம் ஈற்று வேறு. அதைப் பண்ணையிலிருந்து வெளியேற்றினார்கள்.

முதல் மாத முடிவில் தொட்டி எண் 4 லட்சத்தையொட்டி வந்தது. உரிமையாளர் சந்தோஷமாகத் தொலைபேசினார். இது சுத்தத்தின் வேலை இல்லை, 7-ம் எண் போனதன் கணக்கு என்று சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுத்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு எண்: போன மாதம் 2 லட்சத்துக்குக் கீழே இருந்து இந்த மாதம் மேலே ஏறிய மாடு எத்தனை? சுத்தம் வேலை செய்கிறதா என்பதை அதுதான் சொல்லும். அந்த மாதம் ஒன்றும் இல்லை.

ஆறாவது வாரம் விடியற்காலையில் அழைப்பு வந்தது. 9-ம் எண் மாடு எழுந்திருக்கவில்லை. செல் எண்ணிக்கை எப்போதும் 1 லட்சத்துக்குக் கீழே இருந்த மாடு அது. காய்ச்சல் 41 டிகிரி, கண் குழிவிழுந்திருந்தது, பின் வலது மடி கல்போல் இறுகிச் சூடாக இருந்தது. பீச்சினால் பால் வரவில்லை, வெளிர் மஞ்சள் தண்ணீர் வந்தது. ஈ.கோலை. இந்தக் கிருமி மடிக்குள் வெகுவேகமாகப் பெருகும், சாகும்போது அதன் சுவரிலிருந்து கழலும் நச்சுதான் மாட்டைச் சாய்க்கிறது. திரவம் ஏற்றி, வீக்கமும் நச்சின் வேகமும் தணிய மருந்து கொடுத்தோம். மாடு பிழைத்தது. அந்தக் காம்பு அந்தக் கறவைக் காலம் முழுவதும் பாதிப் பால்தான் தந்தது.

ஏன் வந்தது என்று பார்த்தால், எங்கள் மாற்றத்தின் பக்கவிளைவு. புது முறையில் ஒவ்வொரு மாட்டுக்கும் நேரம் கூடியதால், மாடுகள் அமைதியாக நிற்கட்டும் என்று தீவனத்தைக் கறவைக்கு முன்னாலேயே போட ஆரம்பித்திருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வயிறு நிறைந்த மாடு கறந்து முடிந்ததும் நேராகப் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்த இடத்தின் பின்பகுதி ஈரச் சாணம். வாசல் திறந்திருக்கும் அந்த அரை மணி நேரம் காம்பு நுனி அதில் கிடந்திருக்கிறது. கறந்தபின் பூசும் அயோடின், மாட்டுக்கு மாடு தொற்றும் கிருமியைத் தடுக்கும் அளவுக்குச் சாணக் கிருமியைத் தடுக்காது. அன்றிலிருந்து புதுத் தீவனம் கறவைக்குப் பிறகுதான். மாடு நின்று தின்னும் நேரத்தில் தசை இறுகிவிடுகிறது. படுக்கையின் பின்பகுதியை மட்டும் தினமும் இரண்டு முறை உலர்ந்த பொருள் போட்டு மாற்றுகிறார்கள்.

இதற்கிடையில் பால் வாங்கும் நிறுவனத்தின் தரப் பொறுப்பாளரோடும் பேசினேன். அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாலைச் சூடாக்கினால் கிருமி செத்துவிடுமே என்பது அவர் வாதம். சாகும். ஆனால் அழற்சி நடக்கும்போது ரத்தத்திலிருந்து பாலுக்குள் பிளாஸ்மின் என்ற நொதி கசிகிறது. அது கேசினை, அதாவது பாலாடைக்கட்டியைக் கட்டியாக்கும் புரதத்தை, வெட்டிப்போடுகிறது. மடிக்குள்ளேயே வெட்ட ஆரம்பித்துவிடும், சூடாக்கியும் முழுவதும் அழியாது. கேசின் சிதைந்தால் அதே அளவு பாலில் கட்டி குறைவாகக் கிடைக்கும், உறையவும் நேரமாகும். பால் சர்க்கரை குறைந்து உப்பு கூடுவதால் சுவையில் லேசான உவர்ப்பு வரும். ஆரியஸ் குளிர்விக்காத பாலில் பெருகி நச்சை விட்டிருந்தால் அந்த நச்சும் சூட்டுக்கு அசையாது. இங்கே பால் சீக்கிரம் குளிர்ந்ததால் அந்தப் பயம் இல்லை.

ஆறாம் மாத முடிவில் தொட்டி எண் 2.1 லட்சம். 4-ம் எண்ணில் மூன்று முறை இடைவெளி விட்டு எடுத்த மாதிரிகளில் ஆரியஸ் வளரவில்லை. இந்தக் கிருமி விட்டுவிட்டுத்தான் பாலில் இறங்கும் என்பதால் ஒரு முறை வளராததை நான் நம்புவதில்லை. 2-ம் எண் கன்று ஈன்றபின் சுத்தமாக வந்தது. 14-ம் எண்ணுக்கு மருந்தே கொடுக்கவில்லை, தானாகவே 1.5 லட்சத்துக்கு இறங்கியது. 11-ம் எண் மூன்று காம்பில் கறக்கிறது, இன்னும் வரிசையில் கடைசி.

ஈ.கோலை வந்த 9-ம் எண்ணை விட்டால், ஆறு மாதத்தில் புதிதாக மேலே ஏறிய மாடு ஒன்றே ஒன்று, 12-ம் எண். ஒரு மாதம் 1.8 லட்சம், அடுத்த மாதம் 3.1 லட்சம். இரண்டு முறை மாதிரி எடுத்தும் எதுவும் வளரவில்லை. மூன்றாவது மாதிரியை அடுத்த வாரம் எடுக்கப்போகிறேன். அதுவரை அதை 11-ம் எண்ணுக்கு முந்தைய இடத்தில் கறக்கச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் அதற்கென்று ஓரத்தில் சிவப்பு நூல் தைத்த துணி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்.